"அங்க போய்ப் பாத்துக்கொள்ளலாம்"

செட்டிகுளத்தில் வெளிநாடு போகிற பிள்ளைக்கு ஊர் சொல்லுகிற புத்திமதி ஒன்றுதான்: "முதல்ல போய் இறங்கு தம்பி, மிச்சத்தை அங்க பாத்துக்கொள்ளலாம்." வட்டிக்குக் காசு வாங்கியாயிற்று. நகை அடகில் இருக்கிறது. கேள்வி கேட்டால் விசா இன்னொருவனுக்குப் போய்விடும் என்ற பயமும் இருக்கிறது. பயம் எனக்கு விளங்குகிறது, ஆனால் புத்திமதி முழுப் பிழை. இறங்கிய பிறகு கடன் கழுத்தைப் பிடிக்கும், பாஸ்போட் முதலாளியின் அலுமாரியில் கிடக்கும். "மாட்டேன்" என்று சொல்லக்கூடிய காலம் பிளேன் ஏறும்வரைதான்.

உதாரணமாக, கட்டாருக்குப் போகிறவர்கள் கொழும்பிலுள்ள கட்டார் விசா நிலையத்தில் கைரேகை கொடுத்து, மருத்துவச் சோதனை செய்து, ஒப்பந்தத்திலும் அங்கேயே ஒப்பமிடுகிறார்கள். 2018 இல் அதைத் திறந்ததற்கு ஒரு காரணம், இங்கே ஒன்றைக் காட்டி அங்கே வேறொன்றில் கையெழுத்து வாங்குவதைத் தடுப்பது. ஆனால் இரவு பஸ்ஸில் கண்விழித்துப் போன பிள்ளை ஒப்பந்தத்தை வாசிக்காமலே ஒப்பமிட்டுவிட்டு வருகிறது.

சப் ஏஜென்ட் சொன்ன சம்பளம் 1,800 றியால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 1,000, தங்குமிடத்துக்கு 500, சாப்பாட்டுக்கு 300 என்று இருக்கிறது. 2021 முதல் கட்டார் சட்டம் வைத்திருக்கிற ஆகக் குறைந்த தொகை அது. கூட்டினால் 1,800 வரும், ஆகவே ஏஜென்ட் பொய் சொன்னான் என்று நிரூபிக்கவும் முடியாது. ஆனால் கம்பனியே அறையும் சாப்பாடும் தந்தால் கையில் வருவது 1,000 தான். ஓவர்டைமும் வேலை முடியும்போது கிடைக்கிற பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கு. பணிக்கொடை வருடத்துக்குக் குறைந்தது மூன்று கிழமைச் சம்பளம். அடிப்படை 1,800 என்றால் 1,260 றியால் வரும், 1,000 என்றால் 700. ஆகவே "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள், "பேசிக் எவ்வளவு, சாப்பாடு ஆர் தாறது?" என்று கேளுங்கள். வேலையின் பெயரையும் பாருங்கள். சாரதி என்று சொல்லிவிட்டு விசாவில் வேறு வேலை இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

"பாஸ்போட் முதலாளியிட்ட இருந்தாத்தான் பத்திரம்" என்பது இன்னொரு நம்பிக்கை. கட்டாரின் 2015 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வதிவிட அனுமதி எடுக்கும் நடைமுறை முடிந்ததும் பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுக்காத முதலாளிக்கு 25,000 றியால் வரை தண்டம். ஒரு விலக்கு உண்டு: தொழிலாளியே எழுத்தில் கேட்டால் வைத்திருக்கலாம். ஆகவே பல தாள்களோடு சேர்த்து நீட்டப்படுகிற அந்தக் "கோரிக்கை"த் தாளில் ஒப்பமிடாதீர்கள். முன்பே ஒப்பமிட்டிருந்தாலும், திரும்பக் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும்.

விசிற் விசாவில் போய் அங்கே வேலை விசாவுக்கு மாற்றலாம் என்பவரோடு பேச்சே வேண்டாம். 2022 இல் ஓமானில் அகப்பட்ட இலங்கைப் பெண்கள் பலர் அப்படித்தான் போனார்கள்.

முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்குப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் பாஸ்போட்டையும் படமெடுத்து அம்மாவின் போனில் போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். அங்கே இரண்டாவது ஒப்பந்தத்தை நீட்டினால், முதலாவது வீட்டில் இருக்கும்.