லிட்டர் விலை மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

வீட்டுக்கு வெள்ளையடிக்கும் செலவு பற்றிய தங்கள் கட்டுரையில் பெயின்ட்டின் லிட்டர் விலையை மட்டும் ஒப்பிட்டிருந்தீர்கள். ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் போக ஏறத்தாழ 400. மலிவு ரக எமல்ஷன் லிட்டர் 200 ரூபாய், இரண்டு கோட்டுக்கு 60 சதுர அடி வரும் என்று வைத்துக்கொள்வோம். ஏழு லிட்டர், 1,400 ரூபாய். உயர் ரகம் லிட்டர் 450 ரூபாய், 130 சதுர அடி வரும் என்றால் நான்கு லிட்டர் டின் ஒன்றே போதும், 1,800 ரூபாய். லிட்டர் விலை இரட்டிப்புக்கு மேல். அறைக்கு வித்தியாசம் 400 ரூபாய்தான். மிச்சப் பெயின்ட் பின்னால் டச்சப்புக்கு ஆகும்.

டின்னில் போட்டிருக்கும் அளவு ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் வழவழப்பான சுவரில் கிடைக்கும் அளவு. புதுப் பட்டி மேல் பிரைமர் அடிக்காவிட்டால் சுவர் பெயின்ட்டை உறிஞ்சிவிடும். அடர் நிறத்தின் மேல் வெளிர் நிறம் என்றால் மூன்றாவது கோட்டும் தேவைப்படலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை