எந்தப் பதிவு ஆளைக் கொண்டுவந்தது?

தையல் வகுப்புக்கு ஆள் சேர்க்கும் பலர், கூகுள் ஃபார்மின் ஒரே லிங்க்கை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் என எல்லா இடத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். ஷீட்டில் பெயரும் போன் நம்பரும் வந்து விழும்; எந்தப் பதிவைப் பார்த்து வந்தார்கள் என்பது மட்டும் தெரியாது. அதைப் பிறகு கண்டுபிடிக்கவும் வழியில்லை. எனவே, பதிவு போடும் முன்பே அடையாளம் வைத்தாக வேண்டும். ஃபார்மின் கடைசியில் ‘குறியீடு (மாற்ற வேண்டாம்)’ என்றொரு கேள்வி சேருங்கள். மெனுவில் முன்கூட்டியே நிரப்பிய லிங்க்கை எடுத்து, அதன் கடைசிப் பகுதியைப் பதிவுக்குப் பதிவு மாற்றுங்கள்:

```
&entry.1234567890=fb-blouse
```

இந்த எண் ஃபார்முக்கு ஃபார்ம் மாறும். குறியீடு ஷீட்டின் D பத்தியில் விழுந்தால், `=COUNTIF(D:D,"fb-blouse")` என்பது அந்தப் பதிவால் சேர்ந்தவர்களை எண்ணித் தரும். ஆனால் இன்ஸ்டாகிராம் பதிவின் கேப்ஷனில் ஒட்டும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது. எல்லோரும் பயோவுக்குத்தான் போவார்கள். அங்கே புதுப் பதிவுக்கொரு முறை லிங்க்கை மாற்றினாலும், பழைய ரீலைப் பார்த்து வந்தவரும் புதுப் பதிவின் கணக்கில்தான் சேருவார். அதனால் ‘எந்த வீடியோ பார்த்தீர்கள்?’ என்றும் கேளுங்கள். லைக்கை வைத்து அடுத்த பதிவைத் தீர்மானிக்காதீர்கள். நம்பர் கொடுத்தவர்களின் கணக்கை வைத்துத் தீர்மானியுங்கள்.