இருநூறு ரூபாய் வித்தியாசம்

'சதுர அடி 1,999 ரூபாய் மட்டுமே' என்னும் கட்டுமான விளம்பரப் பதாகைகள் புறநகர்ச் சாலைகளில் இந்த வாரம் மேலும் சில முளைத்திருக்கின்றன. வீடு என்பது துணியைப் போல அளந்து கிழித்துத் தரப்படும் பொருள் என்று நம்பவைக்கும் அந்த ஒற்றை எண்ணின் மீது இப்பத்திக்கு இருக்கும் பழைய பகை வாசகர்களுக்குப் புதிதன்று. பதாகை வைத்தவரைக் குறைகூற இங்கு நோக்கமில்லை. அந்த எண்ணை மனத்தில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்காரர் ஒருவர் ஏற்கெனவே விலைப்புள்ளி வாங்கிய ஒப்பந்தக்காரரிடம் திரும்பிச் சென்று, "சார், அவங்க இருநூறு ரூபாய் கம்மியா சொல்றாங்களே" என்று சொல்லும்போது, அவருக்குத் தரப்படும் பதில் பெரும்பாலும் பொருத்தமற்றதாக இருப்பதே எரிச்சலின் காரணம்.

வழக்கத்தில் உள்ள பதில்கள் இரண்டு. "அந்த விலைக்கு எப்படிக் கட்டுவாங்கன்னு எங்களுக்குத் தெரியும்" என்று உதட்டைப் பிதுக்குவது ஒன்று. "சரி, உங்களுக்காக அதே விலைக்குப் பண்ணித்தர்றேன்" என்று அந்த இடத்திலேயே இறங்கிவிடுவது மற்றொன்று. வேலையில் எதையும் குறைக்காமல் விலையை மட்டும் குறைப்பவர், தாம் முதலில் சொன்ன விலையில் இருநூறு ரூபாய் காற்று என்று தாமே ஒப்புக்கொண்டதாக ஆகிறது. அதன்பின் அவர் சொல்லும் எந்த எண்ணும் பேரத்துக்கு உரியதாகிவிடுகிறது. உதட்டைப் பிதுக்குவதில் உள்ள சிக்கல் இன்னும் நடைமுறை சார்ந்தது. ஒரு வட்டாரத்தில் வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்கள் பலருக்கும் சென்ட்ரிங் அடிப்பவரும் கம்பி கட்டுபவரும் டைல்ஸ் ஒட்டுபவரும் பெரும்பாலும் அதே ஆட்கள்தாம். இந்த மாதம் அங்கே கொத்துவேலை பார்த்த மேஸ்திரி அடுத்த மாதம் இங்கே வரக்கூடும் என்பதால், "அவர்கள் வேலை சுமார்தான்" என்று சொல்பவர் தம்முடைய வேலையையும் சேர்த்தே பழிக்கிறார். போதாக்குறைக்கு, குறைந்த விலை சொன்னவரை அழைத்துவந்தவர் பல நேரங்களில் வீட்டுக்காரரின் மைத்துனராக இருப்பார்.

பதில் சொல்வதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டியது, சதுர அடி விலை என்பது ஒரு வகுத்தலின் விடை என்பதையே. மொத்தத் தொகையைப் பரப்பளவால் வகுத்துக் கிடைக்கும் அந்த எண், வகுபடும் தொகைக்குள் எந்தெந்த வேலைகள் அடங்கும் என்பதையும், வகுக்கும் பரப்பளவு எப்படி அளக்கப்பட்டது என்பதையும் ஒருசேர மறைத்துவிடுகிறது. இவ்விடத்தில் பி. என். தத்தாவின் மதிப்பீட்டுப் பாடநூலை இப்பத்தி மறுபடியும் இழுத்துவருவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிவில் பொறியியல் படித்தவர்களின் வீட்டுப் பரணில் அட்டை கிழிந்த நிலையில் இன்றும் காணக்கூடிய அந்நூல், தரைப்பரப்பை வைத்துச் செலவைச் சொல்லும் முறையைத் தோராய மதிப்பீடு என்னும் வகையில் வைக்கிறது. அதாவது, ஒரு கட்டடத்தைக் கட்டலாமா வேண்டாமா, எவ்வளவு பணம் திரட்ட வேண்டும் என்று முடிவெடுப்பதற்கான கணக்கு அது. கட்டுவதற்கான கணக்கு விரிவான மதிப்பீடு எனப்படும். அதில் மண்வேலை, கான்கிரீட், செங்கல் கட்டு, பூச்சு என ஒவ்வொரு வேலையும் தனித்தனியே அளக்கப்பட்டு அதற்குரிய விலையால் பெருக்கப்படும். சுவர்களின் மையக்கோட்டு நீளத்தைக் கூட்டி அஸ்திவார அளவு காணும் முறையையும், நெடுஞ்சுவர், குறுஞ்சுவர் என்று பிரித்து அளக்கும் முறையையும் அந்நூல் பொறுமையாகக் கற்பிக்கிறது. அத்தனையும் படித்துத் தேறிய பொறியாளர்கள், தோராயத்துக்கென்று ஏற்பட்ட எண்ணை ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திடும் விந்தையை என்னவென்பது?

கணக்காகவே பார்த்தால் இது விளங்கும். எடுத்துக்காட்டுக்காக ஒரு மாடி வீடு: கீழ்த்தளம் 800 சதுர அடி, மேல்தளம் 700, இவை தவிர, போர்டிகோ 120, பால்கனி 60, மொட்டைமாடிக்கு ஏறும் படியின் மேல் கட்டப்படும் ஹெட்ரூம் 100. முதல் ஒப்பந்தக்காரர் சதுர அடிக்கு 2,400 ரூபாய் சொல்கிறார். ஆனால் போர்டிகோ, பால்கனி, ஹெட்ரூம் ஆகிய 280 சதுர அடியைப் பாதியாகவே எண்ணுகிறார். ஆகவே அவர் கணக்கில் பரப்பு 1,640 சதுர அடி, தொகை 39,36,000 ரூபாய். இரண்டாமவர் 2,200 ரூபாய்தான் சொல்கிறார். ஆனால் அனைத்தையும் முழுதாக எண்ணுவதால் பரப்பு 1,780 சதுர அடியாகித் தொகை 39,16,000 ரூபாய் வருகிறது. சதுர அடிக்கு இருநூறு ரூபாயாக நின்ற வித்தியாசம் மொத்தத்தில் இருபதாயிரமாகச் சுருங்கிவிட்டது. இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. பாதியாக எண்ணுவதும் முழுதாக எண்ணுவதும் தொழிலில் நடப்பில் உள்ள வழக்கங்களே.

இனி, தொகைக்குள் அடங்கியவை. முதலாமவரின் விலையில் 6,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் 5,000 லிட்டர் செப்டிக் டேங்கும் சேர்ந்திருக்கின்றன. இரண்டாமவர் அவற்றை லிட்டருக்கு 20 ரூபாய் வீதம் தனியே கணக்கிடுகிறார் என்றால், அவருடைய தொகையில் 2,20,000 ரூபாய் கூடி 41,36,000 ஆகிறது. இத்தோடு நிறுத்திக்கொண்டு "பார்த்தீர்களா, எங்கள் விலைதான் இரண்டு லட்சம் குறைவு" என்று முதலாமவர் வெற்றி முழக்கமிட்டால் அதுவும் ஒருவகைப் பழிப்புத்தான். ஏனெனில் ஒப்பீட்டைத் தமக்குச் சாதகமான வரியோடு அவர் முடித்துக்கொண்டார். இரண்டாமவரின் விலையில் நூறு அடிச் சுற்றுச்சுவர் அடங்கியிருக்கலாம்; அடிக்கு 1,500 ரூபாய் என்றாலும் அது 1,50,000 ரூபாய். அவர் தரையோட்டுக்குச் சதுர அடிக்கு 80 ரூபாய் ஒதுக்கியிருக்க, முதலாமவர் 60 மட்டுமே ஒதுக்கியிருந்தால், 1,200 சதுர அடித் தரைக்கு அது 24,000 ரூபாய். இவ்விரண்டையும் முதலாமவரின் கணக்கில் ஏற்றினால் 41,10,000 வருகிறது. ஆக, ஒரே வீட்டுக்கு இருவரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே தொகை. மிஞ்சுவது 26,000 ரூபாய்.

இந்தக் கணக்கை வீட்டுக்காரர் முன் வைக்கும் விதத்தில்தான் நாகரிகம் அடங்கியிருக்கிறது. மற்றவரின் விலைப்புள்ளியைக் காட்டும்படி கேட்பது முறையன்று. அது அவர் நம்பிக்கையின்பேரில் வீட்டுக்காரருக்குக் கொடுத்த தாள். அதற்கு மாற்றாக, ஒரு தாளில் இரண்டு பத்திகள் கோடிட்டு, ஒன்றில் தம் விலைக்குள் அடங்குவனவற்றையும் அடங்காதனவற்றையும் எழுதி, மற்றதை வெறுமையாக விட்டுக் கொடுக்கலாம். சொல்ல வேண்டிய சொற்களும் மிகச் சில: "அவங்க விலையைப் பத்தி நான் எதுவும் சொல்றது சரியில்லைங்க. நாங்க எதையெல்லாம் சேர்த்திருக்கோம்னு இதுல இருக்கு. இதே கேள்விகளை அவங்ககிட்டயும் கேட்டு எழுதிக்குங்க. ரெண்டையும் சேர்த்துப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

அத்தாளில் இடம்பெறும் கேள்விகளுக்கு ஒரே ஒரு சோதனை உண்டு: அதற்கான விடை போட்டியாளருக்கும் சாதகமாக அமைய வழியிருக்க வேண்டும். "கம்பியைக் குறைக்க மாட்டேன் என்று உத்தரவாதம் தருவாரா?" என்பது கேள்வியின் உடுப்பை அணிந்த குற்றச்சாட்டு. "வானம் எத்தனை அடி ஆழம் வரை இந்த விலைக்குள் வரும், அதற்கு மேல் போனால் அடிக்கு என்ன விலை?" என்பதே நேர்மையான கேள்வி. வானம் என்பது அஸ்திவாரத்துக்காகத் தோண்டப்படும் பள்ளம். ஐந்து அடி வரை என்று எழுதிய விலைப்புள்ளியோடு கரிசல் மண்ணில் இறங்கினால் உறுதியான மண் கிடைக்க அதற்கும் கீழே போக வேண்டிவரலாம் என்பதால், வேலை தொடங்கிய சில நாட்களிலேயே தலைதூக்கும் சச்சரவு பெரும்பாலும் இதுவே. சாலை மட்டத்திலிருந்து தரை எத்தனை அடி உயரும், தொகையில் ஜி.எஸ்.டி. அடங்குமா என்பனவும் இத்தகைய கேள்விகளே. பொருளும் கூலியும் சேர்ந்த கட்டுமான ஒப்பந்தத்துக்கு வரி 18 விழுக்காடு என்பதால், நாற்பது லட்சத்தில் இந்த ஒரு வரி மட்டும் ஏழு லட்சத்துக்கு மேல் புரட்டிப்போடும். கம்பியைப் பற்றிய ஐயத்துக்கு மருந்து கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடம். எத்தனை மில்லிமீட்டர் கம்பி, எத்தனை அங்குல இடைவெளி என்று குறித்த ஒரே வரைபடத்தை வைத்து இருவரும் விலை சொல்லிவிட்டால், எவருடைய நாணயத்தையும் எவரும் சந்தேகிக்க வேண்டியிராது.

இவ்வளவுக்குப் பிறகும் மற்றவருடைய விலை உண்மையிலேயே குறைவாக இருக்கக்கூடும். அவரிடம் சொந்தமாக சென்ட்ரிங் தகடுகள் இருக்கலாம். பக்கத்துத் தெருவிலேயே வேறொரு வேலை நடப்பதால் ஆட்களையும் கலவை இயந்திரத்தையும் பகிர்ந்துகொள்ள அவருக்கு வசதி இருக்கலாம். புதிதாகத் தொழில் தொடங்கியவராதலால் குறைந்த லாபம் அவருக்குப் போதுமானதாக இருக்கலாம். அந்நிலையில் "ஆமாங்க, அவங்க விலை குறைவுதான்" என்று சொல்வதில் இழுக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்காரருக்கு இவரிடமே கட்ட விருப்பமிருந்து பணம் மட்டும் இடிக்கிறது என்றால், குறைக்க வேண்டியது வேலையை: தேக்கு நிலைக்குப் பதில் வேங்கை, முகப்பு அலங்காரத்தில் பாதி, மேல்தளக் குளியலறையின் சுவர் ஓடு மேற்கூரை வரை செல்லாமல் ஏழடியோடு நிற்பது என ஒவ்வொன்றுக்கும் எதிரே எவ்வளவு குறையும் என்று எழுதிக் கொடுத்தால், விலை இறங்கியதன் காரணம் தாளிலேயே தெரியும். அஸ்திவாரம், கம்பி, கான்கிரீட் விகிதம் ஆகியவை அந்தப் பட்டியலில் ஏறக்கூடாது.

கடைசியாக ஒரு சிறு குறிப்பு, பலரும் எழுத மறப்பது. கம்பியின் விலையும் சிமெண்டின் விலையும் மாதத்துக்கு மாதம் மாறுபவையாதலால், விலைப்புள்ளியின் அடியில் அது எந்தத் தேதி வரை செல்லும் என்று குறிப்பிட வேண்டும். வீட்டுக்காரர் ஒப்பிடும் இரு தாள்களில் ஒன்று தையில் எழுதப்பட்டதாகவும் மற்றது ஆனியில் எழுதப்பட்டதாகவும் இருந்து, அந்த இருநூறு ரூபாயும் இரும்புக் கடையிலிருந்தே வந்திருப்பதும் உண்டு.