விருந்தினரை வரவேற்பது ஜாதகம் வாசிப்பதல்ல



உங்களில் சிலர் பாட்காஸ்ட் நடத்துகிறீர்கள். எல்லாவற்றையும் கேட்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம். விருந்தினரின் பட்டம், பதவி, விருது எல்லாவற்றையும் இரண்டு நிமிடம் வாசிக்கிறீர்கள். கேட்டால் "அது மரியாதை சார்" என்கிறீர்கள். அது மேடைக்குச் சரி. அங்கே சால்வையோடு ஆள் கண்முன்னே உட்கார்ந்திருப்பார். ஒலியில் முகம் கிடையாது. புத்தகம் போலத் திரும்பிப் பார்க்க வரியும் கிடையாது. மூன்றாவது விருதைச் சொல்லும்போது முதல் விருது காதிலிருந்து போய்விடும். அதற்குள் கேட்பவரும் போய்விடுவார்.

ஒரு லோகோ பைலட்டை அழைத்திருக்கிறீர்கள், பெயர் சுப்பையா என்று வைத்துக்கொள்வோம். எந்த வருடம் பணியில் சேர்ந்தார், எந்தெந்தக் கோட்டத்தில் இருந்தார் என்று ஆரம்பிக்காதீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"தண்டவாளத்தில் ஒரு மாடு. ரயில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். ஆனால் ரயில் நிற்க இன்னும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆகும். அந்த நேரத்தில் அவர் என்ன செய்வார்? முப்பது வருடம் அந்த இருக்கையில் இருந்தவர் இன்று நம்மோடு இருக்கிறார். லோகோ பைலட் சுப்பையா."

நாற்பது சொல்கூட இல்லை, இருபது விநாடிதான். கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை, அது அவருக்காகக் காத்திருக்கிறது. ஆகவே உங்கள் முதல் கேள்வியும் அந்த மாட்டைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். தூண்டிலைப் போட்டுவிட்டு "உங்கள் சொந்த ஊர் எது?" என்று கேட்டால் மீன் அறுத்துக்கொண்டு போய்விடும்.

பெயர் ஏன் கடைசியில்? யார் என்று தெரியாதவரின் பெயரை முதலில் சொன்னால் மனதில் அதை மாட்டி வைக்க ஆணி இல்லை. "திரு. சுப்பையா அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்" என்றால் பெயர் நடுவில் புதைந்துவிடும், குரலும் வாக்கிய முடிவில் இறங்கிவிடும். பெயருக்கு முன் ஒரு மூச்சு நிறுத்துங்கள். குரலை இறக்காமல் பெயரைச் சொல்லுங்கள். நடுவில் வந்து சேரும் வானொலி நேயருக்காகச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை பெயரையும் வேலையையும் மறுபடி சொல்லுங்கள். அவர் பெற்ற விருதைப் பேச்சில் அதற்குரிய இடம் வரும்போது சொன்னால் போதும்.

ஒரு எல்லையும் உண்டு. பேட்டியில் இல்லாததை அறிமுகத்தில் காட்டுவது ஏமாற்று. பிள்ளையைப் பறிகொடுத்தவர் பேச வந்திருந்தால் அவர் துக்கத்தைப் புதிராக்கக் கூடாது. அங்கே நேராகச் சொல்வதே நாகரிகம்.

பதிவேற்றும் முன் வீட்டில் ஒருவருக்கு அறிமுகத்தை ஒரே ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். வந்தவர் பெயர் என்ன, எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று வராவிட்டாலும் மறுபடி எழுதுங்கள். விருந்தினருக்கு மரியாதை என்பது அவர் பேசுவதைக் கடைசிவரை கேட்க ஆள் இருப்பதுதான்.