அட்வான்ஸ் கொடுத்தாச்சு... மீதி எப்போ?

அக்கா கல்யாணத்துக்கு அப்பா போட்ட கணக்கு நோட்டில் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் சரியாக இருந்தது. எந்த தேதிக்குள், யார் கையில் என்ற இரண்டு கட்டம்தான் இல்லை. ஒரு மாதம் இருக்கும்போது, மீதித் தொகைகளை தேதிவாரியாக மாற்றி எழுதச் சொன்னேன்.

எழுதியதும் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. மண்டப மீதி 1,20,000 ரூபாய் 15 நாள் முன்பே போய்விடும், சரி. ஆனால் சனிக்கிழமை ரிசப்ஷன், ஞாயிறு முகூர்த்தம் என்ற அந்த இரண்டே நாளில் மேடை அலங்காரம் 50,000, போட்டோ 40,000, நாதஸ்வரம் 25,000, சமையல் 50,000. மொத்தம் 1,65,000! ஜிபே பண்ணிடலாம் என்றால், யுபிஐயில் பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும். ஞாயிறு பேங்க் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமையே பணம் எடுத்து, ஆளுக்கு ஒரு கவரில் போட்டு, மேலே பெயரும் தொகையும் எழுதி அத்தையிடம் கொடுத்துவிட்டோம்.

அப்படியும் சமையல்காரரிடம் சிக்கினோம். பேசியது இலைக்கு 320 ரூபாய், 500 இலை. குறைந்தாலும் 500-க்குப் பணம், கூடினால் கூடுதல் இலைக்குத் தனியாக. பந்தியில் இலை எண்ண மாமாவை நிறுத்தியிருந்தோம். அவர் கணக்கும் சமையல்காரர் கணக்கும் 540-ல் ஒத்துப்போயின. ஆக 1,72,800. முதலில் 50,000, சாமான் வாங்க 60,000 என்று 1,10,000 கொடுத்தாயிற்று, மீதி 62,800. கவரில் இருந்த 50,000-உடன் 12,800 சேர்த்தால் போதும் என்று நினைத்தால், அவர் நோட்டில் 90,000தான் வரவு. 82,800 கொடுங்கள் என்கிறார்.

விஷயம் இதுதான். சாமான் பணத்தில் 40,000-ஐ அப்பா நேரில் கொடுத்தார். பாக்கி 20,000-ஐ சித்தப்பா ஜிபே பண்ணியிருக்கிறார், அதுவும் சமையல்காரருக்கு இல்லை, காய்கறி வாங்கப் போன அவருடைய உதவியாள் நம்பருக்கு. சித்தப்பாவோ மாப்பிள்ளை வீட்டாரை பஸ் ஏற்றிவிடப் போயிருந்தார். பொண்ணு மாப்பிள்ளை கார் வாசலில் நிற்க, அவர் திரும்பி வந்து போனில் காட்டும்வரை அரை மணி நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. உதவியாள் அவரிடம் சொல்லவே இல்லை.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழக்கம். ஒரு ஆளுக்கு ஒரே நம்பருக்குத்தான் பணம். யார் அனுப்பினாலும் அந்த நிமிடமே, 'இதுவரை கொடுத்தது இவ்வளவு, மீதி இவ்வளவு' என்று அந்த ஆளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு, சரி என்று பதில் வாங்கிவிடுவோம். ரொக்கம் என்றால் அவர் நோட்டில் எழுதியதை போட்டோ எடுத்துக்கொள்வோம்.

மண்டபத்தில் சாவி வாங்கும்போது கரண்ட் மீட்டரையும் அப்படித்தான் போட்டோ எடுத்தேன். கரண்ட், ஜெனரேட்டர், கிளீனிங் எல்லாம் டெபாசிட்டில் பிடித்தது போக பாக்கி வந்துவிட்டது.

நோட்டில் இன்னும் அடிக்காத வரி ஒன்றே ஒன்று: போட்டோகிராபர், 20,000, ஆல்பம் கைக்கு வந்த பிறகு.