மருந்தைக் கூட்டும் முன், கொடுக்கும் முறையைக் காட்டுங்கள்

ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இருமல் திரும்பியதும் பெற்றோர் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இதைவிட வலுவான மருந்து இல்லையா?" அந்தக் கேள்விக்கு உடனே சீட்டு எழுதித் தருவது தவறு என்பது எங்கள் கருத்து. மருந்து நுரையீரலுக்குள் போகிறதா என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். அதைப் பார்க்கக் கேட்டு அறிவது போதாது. குழந்தைக்குக் கொடுப்பதைக் கண்ணால் காண வேண்டும். "சரியாகத்தான் கொடுக்கிறோம்" என்ற பதிலை நம்பி நாங்களும் பலமுறை அளவைக் கூட்டியிருக்கிறோம். அந்தப் பிழையில் எங்களுக்கும் பங்குண்டு.

ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை ஆகஸ்ட் 21 அன்று அவனுடைய தாயார் அழைத்து வந்தார். நோயைத் தடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைக் காலை இரண்டு, இரவு இரண்டு பஃப் எனப் பள்ளி திறந்த ஜூன் 1 முதல் ஒரு வேளையும் தவறாமல் கொடுத்து வந்ததாகச் சொன்னார். ஜூலை வரை சிறுவன் நன்றாக இருந்தான். ஆகஸ்ட் தொடங்கியதும் விடியற்காலை இருமலில் விழித்தெழ ஆரம்பித்தான். மாடிப்படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினான். உடனடி நிவாரணத்துக்கான நீல நிற இன்ஹேலர் வாரத்தில் நான்கு நாள் தேவைப்பட்டது.

கையில் இருந்த பையைத் திறந்து, வீட்டில் செய்வதைப் போலவே செய்து காட்டும்படி கேட்டோம். தாயார் இன்ஹேலரைக் குலுக்கவில்லை. சிறுவனின் முகத்தில் முகமூடியை வைத்து, அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினார். அவன் இரண்டு மூச்சு இழுத்ததும் முகமூடியை எடுத்துவிட்டார். மூன்று வயதில் யாரோ கற்றுத் தந்ததை மூன்றாண்டுகளாக அப்படியே பின்பற்றி வருகிறார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. இடையில் வந்த ஒவ்வொரு முறையும் செய்து காட்டச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

குப்பிக்குள் மருந்தும் அதை வெளியே தள்ளும் வாயுவும் தனித்தனியே பிரிந்து நிற்கக்கூடும். குலுக்காமல் அழுத்தினால் ஒரு பஃப்பில் மருந்து கூடும், மற்றொன்றில் குறையும். இரண்டு பஃப்பை ஒன்றாக ஸ்பேசருக்குள் அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று மோதி, சுவரில் படிந்துவிடும். இரட்டிப்பு மருந்து கிடைப்பதற்குப் பதிலாகக் குறைவாகவே கிடைக்கும். ஆறு வயதில் முகமூடியும் தேவையில்லை. மூக்கு வழியாக இழுக்கும்போது மருந்தின் ஒரு பகுதியை மூக்கே வடிகட்டி வைத்துக்கொள்கிறது. ஏறத்தாழ நான்கு, ஐந்து வயதில், உதட்டை இறுக மூடி வாயால் மூச்சுவிடத் தெரிந்ததும், முகமூடியைக் கழற்றி ஸ்பேசரின் வாய்க்குழலுக்கு மாற்றிவிட வேண்டும்.

சிறுவனை நிமிர்ந்து உட்கார வைத்தோம். மூடியைக் கழற்றி, இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரின் பின்புறத்தில் செருகினோம். வாய்க்குழலைப் பற்களுக்கு இடையில் வைத்து உதட்டால் இறுகப் பற்றச் சொன்னோம். ஒரே ஒரு பஃப். உடனே, அவசரமில்லாமல், ஐந்தாறு மூச்சு உள்ளேயும் வெளியேயும். ஸ்பேசரின் வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் அசைவதை அவனே எண்ணினான். பிறகு அரை நிமிடம் காத்திருந்து, மீண்டும் குலுக்கி, இரண்டாவது பஃப். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினான். ஸ்டீராய்டு மருந்து வாயில் தங்கினால் நாக்கில் வெண்புண் வரும். சில ஸ்பேசர்கள் விசில்போல ஒலிக்கும். அது பாராட்டு அன்று. மூச்சை மிக வேகமாக இழுப்பதன் அடையாளம்.

முகமூடி தேவைப்படும் சிறு குழந்தைக்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அழும் குழந்தைக்குக் கொடுத்தால் மருந்து உள்ளே போய்விடும் என்று பல பாட்டிமார் நம்புகிறார்கள். உண்மை நேர் எதிரானது: அழும்போது மருந்தின் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடுகிறது. மடியில் வைத்து அமைதிப்படுத்தி, முகமூடி மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூடும்படி பிடித்துக் கொடுங்கள். ஸ்டீராய்டு மருந்து என்றால் முடிந்ததும் முகத்தைத் துடைத்துவிடுங்கள்.

இத்தனையும் திருத்திய பிறகும் ஒரு கேள்வி எஞ்சியது. இதே தவறான முறையில்தான் ஜூன், ஜூலையிலும் கொடுத்தார். அப்போது ஏன் நன்றாக இருந்தான்? இன்ஹேலரைத் திருப்பிப் பார்த்தோம். மொத்தம் 200 பஃப். எண்ணிக்கை காட்டும் கருவி அதில் இல்லை. நாளுக்கு 4 பஃப் என்றால் 50 நாளில் தீர வேண்டும். ஜூன் 1 முதல் கணக்கிட்டால் ஜூலை 20. அதன்பின் ஒரு மாதமாக, அழுத்தும்போதெல்லாம் புகைபோல் வந்தது பெரும்பாலும் தள்ளும் வாயு மட்டுமே. மருந்து தீர்ந்த பிறகும் குப்பி சத்தமிடும், ஈரமாகத் தெளிக்கும், ஆட்டினால் ஏதோ இருப்பதாகவும் தோன்றும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் நம்பத்தக்க சோதனை அன்று. எண்ணிக்கை காட்டாத இன்ஹேலரைத் திறக்கும் நாளிலேயே, தீரும் தேதியைக் கணக்கிட்டு அதன் மேல் எழுதி ஒட்டுவது ஒன்றே வழி. அன்று நாங்கள் மருந்தின் அளவைக் கூட்டவில்லை; அதே மருந்தில் புதியது ஒன்று எழுதித் தந்தோம். ஒரு மாதம் கழித்து வந்தபோது சிறுவன் இரவில் இருமாமல் தூங்குவதாகத் தாயார் சொன்னார்.

ஸ்பேசரை அவர் துணியால் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார். பிளாஸ்டிக்கைத் துடைத்தால் அதில் மின்னேற்றம் உண்டாகி மருந்தைச் சுவரோடு இழுத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஓரிரு துளி விட்டு ஊறவைத்து, துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள்.

கட்டுப்பாடு தளர்வதை அந்தத் தாயார் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே கண்டிருந்தார். அடுத்த முறை வரும்போது சொல்லலாம் என்று இருந்துவிட்டார். இரவு இருமலில் விழிப்பது, விளையாட்டை இடையில் நிறுத்துவது, நிவாரண இன்ஹேலர் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்படுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலே முன்னதாக வாருங்கள். ஐந்து வயதும் அதற்குக் குறைவும் உள்ள குழந்தைக்கு வாரம் ஒரு நாளுக்கு மேல் தேவைப்பட்டாலே வர வேண்டும். நிவாரண இன்ஹேலர் விரைவாகத் தீர்கிறது என்றால் புதியது வாங்குவதோடு விட்டுவிடாதீர்கள்.

நிவாரண மருந்து கொடுத்து நான்கு மணி நேரத்துக்குள் மீண்டும் தேவைப்பட்டால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழந்தை சோர்ந்து மயங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிவாரண மருந்தை ஸ்பேசர் வழியாக, அரை நிமிடத்துக்கு ஒன்றாக, பத்து பஃப் வரை கொடுக்கலாம். இரைச்சல் திடீரென நின்று குழந்தை அடங்கிப்போனால் குணமாகிவிட்டதாக எண்ண வேண்டாம். இரைச்சல் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு இன்ஹேலர்களையும் ஸ்பேசரையும் பையில் எடுத்து வாருங்கள். நாங்கள் செய்து காட்டச் சொல்ல மறந்தால், நீங்களே கேட்டுச் செய்து காட்டுங்கள்.