அம்மா கூப்பிடுகிறாள், அப்புறம் சொல்லு!



ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஸ்பெயின் நாட்டில் செவில்லா நகரத்துத் தோழி ஒருத்தியோடு கைபேசியில் தட்டச்சு செய்து அரட்டை அடிப்பது அவருடைய மாலைப் பழக்கம். பேச்சு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். உடனே 'அதியோஸ்' என்று ஒரு சொல்லை அனுப்பிவிட்டு எழுந்துபோவார். ஒருநாள் அந்தத் தோழி, 'என்மேல் ஏதாவது கோபமா?' என்று கேட்டுவிட்டாளாம். 'விடைபெறும் சொல்லைத்தானே சொன்னேன், அதில் என்ன குறை?' என்பது வாசகியின் கேள்வி. பதிலைத் தனிக் கடிதமாக எழுதத் தொடங்கினேன். ஸ்பானிஷ் படிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இப்போது பலர் இருப்பதால், இந்த மாதப் பக்கத்தையே அதற்குக் கொடுத்துவிட்டேன்.

அதியோஸ் கெட்ட வார்த்தை அல்ல. ஸ்பெயினில் தெருவில் எதிரே வரும் தெரிந்தவருக்கு, நிற்காமல் நடந்துகொண்டே அதியோஸ் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் அதே சொல்லுக்குக் கனம் கொஞ்சம் கூடுதல். நீண்ட பிரிவின் சாயல் அதில் உண்டு. எந்த நாடானாலும், நட்பான பேச்சின் நடுவே அந்தச் சொல் மட்டும் தனியாக வந்து விழுந்தால், கேட்பவருக்குப் பேச்சு வெட்டப்பட்டதாகவே தோன்றும். குறை சொல்லில் இல்லை. அதற்கு முன்னால் வரவேண்டியது வராமல் போனதுதான் குறை.

எமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதைத்தான் ஆராய்ந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஆங்கிலத் தொலைபேசி உரையாடல்களை. பேச்சு தானாக முடிவதில்லை. 'இனி எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை' என்று ஒருவர் குறிப்புக் காட்ட, மற்றவரும் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் விடைபெறும் சொற்கள் வருகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். ஸ்பானிஷில் அந்தக் குறிப்பைத் தரும் சொல் பெரும்பாலும் 'புவேனோ'. ஸ்பெயினில் 'புவேஸ் நாதா' என்றும் 'பெங்கா' என்றும் சொல்வார்கள். அகராதியில் இவற்றுக்கு என்ன பொருள் போட்டிருந்தாலும், பேச்சு ஓயும் நேரத்தில் இவை செய்கிற வேலை ஒன்றே: 'சரி, முடித்துக்கொள்வோமா?' சாவகாசமாக முடிகிற பேச்சில் இந்தக் குறிப்புக்குப் பிறகும் நாலைந்து முறை சொற்கள் போய்வரும். திடீரென்று கிளம்பவேண்டி வந்தால் அத்தனைக்கும் நேரம் இருக்காது. அப்போது எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதுதான் தெரியவேண்டியது.

விடக்கூடாதது காரணம். ஸ்பானிஷ்காரர்கள் இதற்கு ஓர் அழகான அமைப்பை வைத்திருக்கிறார்கள். 'தெ தேஹோ' என்றால் 'உன்னை விட்டுக் கிளம்புகிறேன்' என்று பொருள். காதலர்களுக்கிடையே இதே வினை பிரிந்துபோவதையும் குறிக்கும் என்பதால் புதிதாகப் படிப்பவர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள். தயங்க வேண்டியதில்லை, அரட்டையின் முடிவில் இதைவிட இயல்பான சொல் அந்த மொழியில் இல்லை. அதைச் சொன்ன கையோடு 'கே' என்ற சின்னச் சொல்லைப் போட்டுக் காரணத்தைக் கோத்துவிடுவார்கள். 'தெ தேஹோ, கே யேகா எல் அவுதோபூஸ்' – கிளம்புறேன், பஸ் வருது. 'தெ தேஹோ, கே ஸே மே கேமா எல் அர்ரோஸ்' – கிளம்புறேன், அடுப்பில் சோறு தீயுது. 'ஏனென்றால்' என்பதற்குரிய 'போர்கே' என்ற முழுச் சொல்லை இங்கே போட்டால் பிழையில்லைதான். ஆனால் விளக்கம் கொடுப்பதுபோல ஒரு விறைப்பு வந்துவிடும். 'கே' மட்டும் போட்டால் எழுந்து நடந்துகொண்டே சொல்வது போன்ற ஓட்டம் கிடைக்கிறது.

காரணம் கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். 'எஸ்தோய் ஒகுபாதா', அதாவது 'வேலையாக இருக்கிறேன்' என்பது இலக்கணப்படி சரியான வாக்கியம். ஆனால் இவ்வளவு நேரம் சிரித்துப் பேசியவர் திடீரென்று அப்படிச் சொன்னால், 'உன்னோடு பேச நேரமில்லை' என்றுதான் காதில் விழும். பஸ், அழைப்புமணி, தீர்ந்துபோகும் பேட்டரி, கூப்பிடும் அம்மா – இப்படித் தோழி மனக்கண்ணில் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னால், உங்களை எழுப்பியது அவள் பேச்சின் சலிப்பு அல்ல என்பது அவளுக்கு விளங்கிவிடும். நீண்ட மன்னிப்பும் வேண்டாம். 'லோ ஸியென்தோ முச்சோ' என்பது நிஜமாகவே வருந்தவேண்டிய இடத்துக்கு உரியது. இங்கே 'பெர்தோனா' என்ற ஒரு சொல் போதும்.

இனி வாசகியின் மாலையையே எடுத்துக்கொள்வோம். குளிர்காலம், நமக்கு இரவு எட்டு மணி. குளிர்காலத்தில் ஸ்பெயின் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருப்பதால் செவில்லாவில் பிற்பகல் மூன்றரை; அந்த ஊர்க் கணக்கில் மதியச் சாப்பாட்டு வேளை. தோழி தன் அக்காவின் வேலை நேர்காணலைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள். கதை பாதியில் நிற்கிறது. சமையலறையிலிருந்து அம்மா கூப்பிடுகிறார். வாசகி தட்டவேண்டியது இவ்வளவுதான்:

'ஓயே, பெர்தோனா, தெ தேஹோ, கே மே எஸ்தா யாமாந்தோ மி மாத்ரே. லுவேகோ மே குவென்தாஸ் லோ தே து எர்மானா, எ? உன் பேஸோ.'

நம் பேச்சில் சொன்னால்: 'ஏய், தப்பா நினைக்காதே, கிளம்புறேன், அம்மா கூப்பிடறாங்க. அக்கா விஷயத்தை அப்புறம் சொல்லணும், என்ன? முத்தம்.'

இதில் நான் மிகவும் விரும்புவது நடுவாக்கியத்தை. 'அப்புறம் பேசுவோம்' என்று பொருள்படும் 'லுவேகோ ஆப்லாமோஸ்' என்பதும் நல்ல வாக்கியம்தான். ஆனால் அதை யாருக்கும், எந்தப் பேச்சின் முடிவிலும் சொல்லலாம். 'அக்கா விஷயத்தை அப்புறம் நீ எனக்குச் சொல்லணும்' என்பதை இந்தத் தோழிக்கு, இந்த மாலையில் மட்டுமே சொல்ல முடியும். கதை எந்த இடத்தில் நின்றது என்பது உங்கள் நினைவில் இருக்கிறது, மீதியைக் கேட்கக் காத்திருக்கிறீர்கள் என்று அது காட்டிவிடுகிறது. அவசரத்தில் ஓரிரு வாக்கியங்களுக்குத்தான் நேரம் என்றால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, காரணத்தோடு 'தெ தேஹோ'வையும் இதையும் அனுப்புங்கள் என்பேன்.

முடிந்தால் அவள் பதில் வரும்வரை சில நொடிகள் நில்லுங்கள். 'த்ராங்கிலா, கோர்ரே' என்று வரும். 'பரவாயில்லை, ஓடு' என்று பொருள். பேச்சை இருவரும் சேர்ந்து முடித்தாயிற்று என்பதற்கு அதுவே அடையாளம். 'எஸ்பேரா, உனா கோஸா', அதாவது 'இரு, ஒரு விஷயம்' என்று வந்தால், அவளிடம் சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. அதை மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள். கடைசியாக ஒரு வாழ்த்து சேர்க்க விரும்பினால் அவளுடைய கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நமக்கு இருட்டிவிட்டது என்று 'புவேனாஸ் நோச்சேஸ்' அனுப்பினால், சாப்பாட்டு மேசையில் இருப்பவளுக்கு விநோதமாக இருக்கும். அவளுக்கு அது 'தார்தே', பிற்பகல். ஆகவே 'கே பாஸேஸ் புவேனா தார்தே' என்பதே பொருத்தம். 'நன்றாக ஓய்வெடு' என்ற பொருளில் 'கே தெஸ்கான்ஸேஸ்' என்று அவள் உங்களுக்குச் சொல்லலாம்.

முத்தத்தைக் கண்டு கூச்சப்பட வேண்டாம். ஸ்பெயினில் பெண்களுக்கிடையேயும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையேயும் நட்பில் 'உன் பேஸோ' சர்வ சாதாரணம். ஆண்கள் தங்களுக்குள் 'உன் அப்ராஸோ', அதாவது அணைப்பு, என்பார்கள். கூச்சம் தீராதவர்கள் எவருக்கும் அப்ராஸோவே அனுப்பலாம்; யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தோழியின் அம்மாவைப் போல வயதில் பெரியவரோடு, 'நீங்கள்' என்ற மரியாதையில் பேசுகிறீர்கள் என்றால், 'பெர்தோனே, லே தேஹோ' என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

கொடுக்கும் வாக்கிலும் கவனம் தேவை. 'லுவேகோ' என்றால் அன்றைக்கே பின்னர் என்று அவள் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். இன்று முடியாது என்று தெரிந்தால் நாளை என்று பொருள்படும் 'மன்யானா'வையே சொல்லிவிடுங்கள். நமக்கென்று ஒரு தனி ஆபத்தும் இங்கே இருக்கிறது. நாம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதுகூட 'வரேன்' என்போம். அந்தப் பழக்கத்தில் 'ஆஓரா பெங்கோ' என்று அனுப்பிவிட்டால், 'இதோ வந்துவிட்டேன், இரு' என்று அவள் புரிந்துகொண்டு கைபேசியோடு காத்திருப்பாள். ஐந்து நிமிடத்தில் நிஜமாகவே திரும்பப் போகிறீர்கள் என்றால் மட்டும் அதைச் சொல்லுங்கள். மெக்சிகோக்காரரோடு பேசுகிறீர்களா? அவர் சொல்லும் 'ஆஓரிதா' இந்த நொடியாகவும் இருக்கலாம், சில மணி நேரமாகவும் இருக்கலாம். 'அப்புறம் பேசுவோம்' என்பதற்கு அங்கே 'அல் ராதோ ப்லாதிகாமோஸ்' என்பது நட்பான வழக்கு. அர்ஜென்டினாவில் அக்கா விஷயத்தை 'தெஸ்புவேஸ் மே கொந்தாஸ்' என்று கேட்பார்கள். விடைபெற 'ச்சாவ்' போதும்.

தட்டச்சை விட்டுக் குரலில் பேசும்போது ஒரு வித்தியாசம் உண்டு. முதல் ச்சாவோடு அழைப்பைத் துண்டிக்காதீர்கள். 'பெங்கா, உன் பேஸோ, ஆஸ்தா லுவேகோ, ச்சாவ், ச்சாவ்' என்று இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓய்வதற்கு இரண்டு மூன்று நொடிகள்தான் ஆகும். அவசரமானாலும் அதற்கு இடம் கொடுங்கள்.

ஒரு சொல்லும் சொல்ல முடியாமல் எழுந்து ஓட நேர்ந்துவிட்டால்? சொல்லாமல் கிளம்புவதை ஸ்பானிஷில் 'பிரெஞ்சு முறையில் விடைபெறுவது' என்பார்கள். விருந்துகளிலிருந்து நழுவுகிறவர்களுக்கு அந்தப் பேச்சு வழக்கு. நட்பில் அதைச் சரிசெய்ய இரண்டு வரி போதும். 'பெர்தோனா போர் லோ தே ஆந்தேஸ், தூவே கே ஸாலிர் கோர்ரியெந்தோ' – அப்போது நடந்ததற்கு மன்னிச்சுக்கோ, ஓடவேண்டியதாப் போச்சு. அதற்குமேல் விளக்கிக்கொண்டே போனால், உங்களைத் தேற்றவேண்டிய வேலை அவள் தலையில் விழும். அடுத்த வரியிலேயே அவள் நிறுத்திய இடத்துக்கு வந்துவிடுங்கள்: 'இ கே தால் லா எந்த்ரெபிஸ்தா தே து எர்மானா?' அக்காவின் நேர்காணல் எப்படிப் போச்சு?

அன்புடன்,
ஆசிரியர்